கல்யாண நாளை மறந்தேன், எப்படி மன்னிப்புக் கேட்பது?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். ஜூன் 12 எங்கள் கல்யாண நாள். தடைக்காலம் முடிகிற நேரம், வலை, ஐஸ் என்று அலைந்ததில் அடியோடு மறந்துபோனேன். அன்றைக்கு அவள் பாயசம் வைத்திருந்தாள். நின்றபடியே குடித்துவிட்டு “என்ன விசேஷம்?” என்று கேட்டேன். “இன்னைக்கு என்ன தேதி?” என்றாள். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு ஐஸ்காரருக்குப் போன் போட்டேன். மறுநாள் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நேரில் சொல்ல வாய் வரவில்லை. வாட்ஸப்பில் இப்படி அனுப்பலாமா: “நான் மனுஷனே இல்ல. தடை முடியுற நேரம், வேலை தலைக்கு மேல. உனக்குச் செயின் எடுத்துத் தர்றேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இல்லன்னா கடலுக்கே போக மாட்டேன்.”
– பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: இதை அனுப்பாதீர்கள் தம்பி. இதில் உங்கள் வருத்தம் இருக்கிறது, உங்கள் மனைவிக்கு நடந்தது இல்லை. பாயசமும் அந்தத் தேதிக் கேள்வியும் எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கின்றன, அவருக்கு எழுதியதில் காணோம். தேதி மறந்தது ஒரு பக்கம். அவர் இரண்டு தடவை ஞாபகப்படுத்தப் பார்த்தும் நீங்கள் கவனிக்கவில்லையே, அதுதான் அவரைச் சுட்டிருக்கும். மன்னிப்பு அங்கேதான் தொடங்க வேண்டும்.

“மனுஷனே இல்ல” என்று எழுதினால், “சே, அப்படியெல்லாம் இல்ல” என்று அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டிவரும். வேலை தலைக்கு மேல் இருந்தது அவருக்கும் தெரியும்; 61 நாள் வருமானம் இல்லாத வீட்டை ஓட்டியவர் அவர். அதை அவருக்கே எடுத்துச் சொன்னால் சாக்காகத்தான் படும். செயின் வேண்டாம். முதலாளியிடம் முன்பணம் வாங்கி எடுத்தால் அந்தக் கடனையும் சேர்ந்துதான் அடைக்கப் போகிறீர்கள்.

கடைசி வரி மிரட்டல், அதை முதலில் அடியுங்கள். மன்னிப்பை அப்படிக் கேட்டு வாங்கவும் தேவையில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கி குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் பகுதிகளில் அதிகம் எடுபட்டது தப்பை ஒத்துக்கொள்வது, அடுத்தது சரிசெய்ய முன்வருவது. “மன்னித்துவிடு” என்று கேட்பதுதான் கடைசி.

சரி, எதைச் சரிசெய்வது? உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தடைக்காலம் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதனால் அடுத்த ஜூன் 12-லும் நீங்கள் கரையில்தான் இருப்பீர்கள். அந்த ஒரு நாள் படகு வேலைக்கு வர முடியாது என்று டிரைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். “இனி எதையும் மறக்க மாட்டேன்” என்பதை யாராலும் காப்பாற்ற முடியாது. இதை உங்களால் முடியும்.

டிரைவரிடம் சொல்லி முடித்த பிறகு, மனைவிக்கு இப்படி எழுதலாம். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே தொடங்குங்கள்.

“நம்ம கல்யாண நாளை மறந்துட்டேன். நீ பாயசம் வச்சுத் தந்தும், தேதி கேட்டும் எனக்கு உறைக்கல. என்ன விசேஷம்னு உன்கிட்டயே கேட்டேன். அது உன்னை ரொம்ப நோகடிச்சிருக்கும். தப்பு என்னோடது. இதைச் சொல்ல இத்தனை நாள் ஆக்கினதும் தப்பு. அடுத்த வருஷம் ஜூன் 12 படகு வேலைக்கு வரமாட்டேன்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு என்ன செய்யலாம்னு நீ சொல்லு. உடனே பதில் போடணும்னு இல்ல.”

இதில் ‘ஆனா’ என்ற சொல் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? நீங்கள் மாற்றி எழுதும்போதும் அது நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் முன்னால் சொன்னதெல்லாம் அடிபட்டுப் போகும்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். கடலுக்குக் கிளம்பும்போது வேண்டாம். கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும். அவர் பதில் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கும். அதோடு, கடலுக்குப் போகிறவரிடமிருந்து திடீரென்று இப்படி ஒரு செய்தி வந்தால் கரையில் இருப்பவருக்கு வயிறு கலங்கும். கரை சேர்ந்து, மீனை இறக்கி, ஏலமும் முடிந்த பிறகு அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எல்லோரும் கேட்பார்கள். எழுத்து என்றால் தனியாக இருக்கும்போது திரும்பப் படிக்கலாம். ஸ்டேட்டஸில் கல்யாணப் படம் போடுவதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஊர் வாழ்த்தும், அவர் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

நீல டிக் வந்தும் பதில் வராமல் இருக்கலாம். வீட்டுக்குப் போய் “படிச்சியா?” என்று கேட்காதீர்கள். அவரே கோபமாகப் பேச்செடுத்தால் முழுதாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் ஐஸ் கதையை மட்டும் திரும்ப எடுக்காதீர்கள். “சரி” என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலும் இரண்டாவது மன்னிப்பு அனுப்ப வேண்டாம்.