விரிதாளுக்கு மாற்றிய லீக் பட்டியலில் புள்ளிகளைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: பிடிஎஃப்பில் இருந்த கால்பந்து லீக் புள்ளிப்பட்டியலை விரிதாளுக்கு மாற்றியிருக்கிறேன். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்ற விதிப்படி எல்லா அணிகளின் புள்ளிகளும் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

புள்ளி நெடுவரிசையில் கை வைக்காமல், பக்கத்தில் வித்தியாசத்தை மட்டும் காட்டும் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பதே என் வழக்கம். B முதல் F வரை ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, புள்ளி என்ற வரிசை இருந்தால் சூத்திரம் இதுதான்:

```
=3*C2+D2-F2
```

எல்லா வரிகளிலும் பூஜ்யம் வராவிட்டால், உடனே திருத்தாமல் வித்தியாசம் எந்த ஒழுங்கில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் அது வெற்றிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால், அந்தப் பட்டியல் வெற்றிக்கு 2 புள்ளி தந்த காலத்தியது என்று பொருள். இங்கிலாந்து லீக்கில் 1980–81 வரை அப்படித்தான் இருந்தது. D நெடுவரிசையிலிருந்து E நெடுவரிசையைக் கழித்தால் வருவதே வித்தியாசமாக இருந்தால், மூலத்தில் தோல்வி முன்னும் டிரா பின்னும் இருந்திருக்கிறது. தலைப்புகளை இடம் மாற்றி, சூத்திரத்தில் D2 இருக்கும் இடத்தில் E2 என்று போட்டால் போதும்.

ஓரிரு வரிகளில் மட்டும் வித்தியாசம் வந்தால் மூலத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். 2023–24 பிரீமியர் லீக்கில் எவர்ட்டன் அணிக்கு 13 வெற்றி, 9 டிரா, 16 தோல்வி. விதிப்படி 48 புள்ளிகள் வர வேண்டும். பட்டியலிலோ 40தான் இருக்கும். நிதி விதிகளை மீறியதற்காக 6, பிறகு 2 என மொத்தம் 8 புள்ளிகள் கழிக்கப்பட்டதால் அந்த 40 சரியானது, அதை 48 ஆக்குவதுதான் பிழை. கழித்த புள்ளிகளுக்குத் தனி நெடுவரிசை வைத்து, அதையும் சூத்திரத்தில் கழித்துவிடுங்கள். இப்படிப்பட்ட வரியில் பெரும்பாலும் அடிக்குறிப்பு எண் ஒன்றும் இருக்கும். மாற்றும்போது அது புள்ளியோடு ஒட்டிக்கொண்டு 40 என்பது 401 ஆகிவிடுவதும் உண்டு.

இனி முக்கியமான விஷயம்: பூஜ்யம் வந்தாலும் வரி சரி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே அணிக்கு 12 வெற்றி, 12 டிரா, 14 தோல்வி என்று தவறாகப் பதிவாகியிருந்தாலும் புள்ளி 48தான், ஆட்டங்களின் கூட்டலும் 38தான். இரண்டு சோதனைகளும் அதைக் கண்டுகொள்ளாது. முழுப் பட்டியலையும் கூட்டிப் பார்த்தால்தான் அது சிக்கும். ஓர் அணியின் வெற்றி இன்னோர் அணியின் தோல்வி என்பதால் வெற்றிகளின் மொத்தமும் தோல்விகளின் மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு டிராவும் இரண்டு அணிகளின் கணக்கில் ஏறுவதால் டிராக்களின் மொத்தம் இரட்டைப்படையில் வர வேண்டும். மேற்சொன்ன பிழையில் வெற்றி ஒன்றும் தோல்வி இரண்டும் குறைந்து, டிரா மூன்று கூடுவதால், அந்த ஒரு வரியே இரண்டு மொத்தங்களையும் கெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.