ஜெல்லி மீன் கொட்டினால்: கேள்வி பதில்

ரேவதி: என் பையன் காலில் ஜெல்லி மீன் பட்டுவிட்டது. உடனே நல்ல தண்ணீரில் கழுவி, மணல் போட்டுத் தேய்த்துவிட்டேன். வலி இன்னும் கூடிப்போய் அலறினான். ஏன் மேடம்?

கொட்டியது முதல் தவணைதான். தோலில் ஒட்டிக்கொண்ட இழையில் வெடிக்காத விஷப்பைகள் ஏராளமாக மிச்சமிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய ஊசிக்குழல் சுருண்டு கிடக்கிறது. உப்பில்லாத தண்ணீர் பட்டாலும், அழுத்தித் தேய்த்தாலும் அவையும் வெடித்து விஷத்தை இறக்கிவிடும். அதனால்தான் வலி கூடியது.

முதலில் கடல் தண்ணீரையே மொண்டு ஊற்றுங்கள். கண்ணாடி நூல் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் இடுக்கியால் மெல்லத் தூக்கி எடுங்கள். அட்டையை வைத்துச் சுரண்டச் சொல்பவர்கள் உண்டு. அதுவும் அழுத்தம்தான், வேண்டாம்.

செந்தில்: வினிகர் ஊற்றினால் எல்லா வகைக்கும் சரியாகிவிடும் என்று படித்தேன். அப்புறம் எதற்கு இவ்வளவு வேலை?

பாதி சரி. வெப்பமண்டலக் கடல்களில் இருக்கும் பெட்டி ஜெல்லி மீனுக்கு வினிகர்தான் முதல் மருந்து. குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்றினால் வெடிக்காத பைகள் செயலிழந்துபோகும். ஆனால் ஏற்கெனவே உடம்புக்குள் போன விஷத்தையோ வலியையோ அது ஒன்றும் செய்யாது. வேறு சில வகைகளில் வினிகர் பட்டதும் பைகள் இன்னும் வெடிக்கின்றன. நீல பலூன் போல மிதக்கும் போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் விஷயத்தில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எது கொட்டியது என்று தெரியாதபோது அந்தக் கடற்கரையின் உயிர்காப்பாளரைக் கேளுங்கள். அங்கே எது வரும் என்று அவருக்குத் தெரியும்.

இர்ஃபான்: வலிக்கு ஐஸ்தானே வைக்க வேண்டும்?

வெந்நீர் மேல். 2006இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், நீல பலூன் வகை கொட்டியவர்களில் ஒரு சாராருக்கு 45 டிகிரி வெந்நீரும் மற்றவர்களுக்கு ஐஸ் பொதியும் கொடுத்துப் பார்த்தார்கள். 20 நிமிடத்தில் வெந்நீர்க்காரர்களில் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. ஐஸ் வைத்தவர்களில் 33 சதவீதம்தான். சூடு விஷத்தின் புரதத்தைக் கெடுக்கிறதா, நரம்பில் வலி உணர்வை மாற்றுகிறதா என்பதில் இன்னும் முடிவில்லை.

இழையை எடுத்த பிறகு, கொட்டிய இடத்தை 20 நிமிடம் வெந்நீரில் வையுங்கள். சூட்டைக் கொட்டுப்படாத கையால் பாருங்கள். வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். குழந்தைக்குப் பெரியவர்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். வெந்நீர் கிடைக்காவிட்டால் ஐஸ் வைக்கலாம், பையைத் துணியில் சுற்றி.

செந்தில்: வெந்நீரும் உப்பில்லாத தண்ணீர்தானே மேடம்? முதலில் வேண்டாம் என்றீர்களே?

நல்ல கேள்வி. அதனால்தான் வரிசை முக்கியம். கடல் தண்ணீர் ஊற்றி இழையை எடுத்துவிட்டால் வெடிக்க மிச்சமிருப்பது குறைவு.

குமரன்: அப்படியானால் சிறுநீரும் சூடாகத்தானே இருக்கிறது?

வரும்போதே 37 டிகிரிதான், தொடும்முன் ஆறிவிடும். உப்பின் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். பலன் இல்லை, சில சமயம் பைகள் வெடிக்கவும் கூடும்.

மீனாட்சி: எனக்குப் போன மாதம் கொட்டி ஆறிவிட்டது. பத்து நாள் கழித்து அதே கோட்டில் தடித்து அரிக்கிறது. மறுபடி கொட்டிவிட்டதா?

இல்லை அம்மா. விஷத்துக்கு உடம்பு தாமதமாகக் காட்டும் ஒவ்வாமை இது, வாரக்கணக்கில் நீளலாம். தோல் மருத்துவர் களிம்பு தருவார். ஆனால் கொட்டிய உடனே மூச்சு முட்டினாலும், நெஞ்சு வலித்தாலும், முகம் வீங்கினாலும், கண்ணில் பட்டிருந்தாலும் வெந்நீருக்காகக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கொட்டியது லேசாகத் தெரிந்து, அரை மணி நேரத்தில் முதுகுவலியும் வாந்தியும் வந்தாலும் அப்படியே. சில சின்னப் பெட்டி ஜெல்லி மீன்கள் அப்படித்தான் வேலை காட்டும்.

தங்கராஜ்: எங்கள் காலத்தில் இவ்வளவு ஜெல்லி மீன்கள் இல்லை. கடல் சூடானதுதான் காரணமா?

சூடும் ஒரு காரணம், ஐயா. நாம் பார்ப்பது மிதக்கும் பருவத்தை. அதற்கு முன் அது கடலடியில் ஒட்டிக்கொண்டு, செடி மாதிரி சில மில்லிமீட்டர் உயரத்தில் வாழ்கிறது. காலம் கூடிவந்தால் ஒவ்வொன்றும் தட்டுத் தட்டாகப் பிரிந்து குட்டிகளை விடும். ஒட்டுவதற்குக் கெட்டியான தளம் வேண்டும். படகுத்துறை, அலைதடுப்புச் சுவர், மிதவை என்று அதற்கு நாம் இடம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நிலத்திலிருந்து உரம் கடலில் கலந்தால் ஆக்சிஜன் குறைந்து மீன் திணறும். பல ஜெல்லி மீன்கள் தாங்கும். நமீபியா கடலில் மத்தி மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அழிந்தபின், ஜெல்லி மீன்களின் மொத்த எடை மீன்களின் எடையையே தாண்டியது.

ஆனாலும் உலகம் முழுக்கக் கூடுகிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 2013இல் வந்த ஓர் ஆய்வு, எண்ணிக்கை ஏறக்குறைய 20 ஆண்டுச் சுற்றில் ஏறி இறங்குவதைக் காட்டியது. 1970களுக்குப் பிறகு லேசான ஏற்றம் தெரிந்தாலும், அது சுற்றின் ஏறுமுகமா, நிலையான வளர்ச்சியா என்று பிரிக்க நீண்டகாலப் பதிவுகள் போதவில்லை. ஜப்பான் கடல், மத்திய தரைக்கடலின் சில பகுதிகள் போன்ற இடங்களில் பெருக்கம் கண்கூடு. வேறு கடல்களில் யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை.