மலிவுச் செத்தலின் கணக்கு

"நியமப்படி 500 கிலோ தூளுக்கு 550 கிலோ செத்தல் மிளகாய், கிலோ 1,000 ரூபாய். 950 ரூபாய்க்கே வாங்கினோம்; அதே 500 கிலோ தூளுக்கு 600 கிலோ செத்தல் முடிந்தது. மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது? – சுன்னாகம்"

விலை முரண்: 600 கிலோவுக்கு 50 ரூபாய் வீதம் 30,000 சாதகம். பாவனை முரணை நியம விலையிலேயே கணக்கிடுங்கள் ஐயா: கூடுதல் 50 கிலோ, 50,000 பாதகம். ஆக, 20,000 ரூபாய் நட்டம்.

அரைப்பவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். முதலில் மூடைக்குள் கைவிட்டுப் பாருங்கள். செத்தல் நொறுங்காமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது. காயவைக்கும் முன்னும் பின்னும் நிறுங்கள். வழக்கமாகக் காய்ந்து குறைவதைவிட 100 கிலோவுக்கு 8 கிலோ கூடுதலாகக் குறைந்தால், அந்த 50 கிலோவில் 48 கிலோ தண்ணீர்தான், பிழை கொள்வனவில். எடை அப்படி இறங்காவிட்டால் மட்டும் ஆலையில் சிந்தலையும் சல்லடைக் கழிவையும் தேடுங்கள்.