ஆன்லைனில் புடவை வாங்கும்போது, படம் நிஜ போட்டோவா, கம்ப்யூட்டரில் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கு கேட்லாக் படங்களை எடிட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

ஒரே டிசைன் 8 நிறத்தில் வந்தால், மாடலுக்கு 8 முறை கட்டிவிட்டுப் படமெடுக்கப் பல கடைகளுக்குப் பொறுமை கிடையாது. ஒன்றைக் கட்டி எடுப்பார்கள், மீதி 7 நிறமும் ஃபோட்டோஷாப் வேலை. படங்களை மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். கொசுவ மடிப்பும் நெற்றியில் விழுந்த முடியும் இம்மி அசையாமல் நிறம் மட்டும் மாறினால் அதுதான். இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன் (சொன்னால் சோறு கிடைக்காது). ஆனால் அந்த நிறங்கள் துணியிலிருந்து வந்தவை அல்ல, எடிட்டர் குத்துமதிப்பாக வைத்தவை.

அப்போது அசல் எது? மாடலின் தோலைப் பாருங்கள். பளிச்சென்ற துணி, ஒட்டியிருக்கும் தோலில் தன் சாயலைக் கொஞ்சம் அடிக்கும். தாடைக்கு அடியிலும் முழங்கையின் உள்பக்கத்திலும் நன்றாகத் தெரியும். நாங்கள் துணியை மட்டும் செலக்ட் செய்து மாற்றுவதால், தோலில் விழுந்த சாயல் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

போன ஆடித் தள்ளுபடியில் மயிலாப்பூர் சித்தி ஒரு கிளிப்பச்சைப் புடவையின் லிங்க்கை அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தால், தாடைக்கு அடியில் ராணி பிங்க் சாயல். "அசல் ராணி கலர்தான் சித்தி, அதையே போடுங்க" என்றேன். "அதுல ஏற்கெனவே மூணு இருக்குடா" என்று பச்சையையே போட்டார். வந்தது பாசிப்பச்சை.

வெளிர் நிறப் புடவையிலும், தோலை வழவழவென்று மெழுகிய படத்திலும் இந்த வித்தை பலிக்காது.

முழுக்க ஏஐ செய்த படம் வேறு ரகம். அதற்குப் புட்டாக்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். ஜக்கார்டு தறியில் டிசைனுக்குத் துளையிட்ட அட்டை எப்படியோ பூ அப்படி, ஒரே அச்சாகத் திரும்பத் திரும்ப வரும். முந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள 5 அன்னங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐ படத்தில் ஒன்றுக்கு அலகு இருக்கும், அடுத்ததற்கு இருக்காது, மூன்றாவது மாங்காயாகி நிற்கும். தோளுக்குப் பின்னால் போன பார்டர் வேறு அகலத்தில் திரும்பி வருவதும் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: படத்தை ரொம்பச் சுருக்கிப் போட்டிருந்தால் நிஜ ஜரிகையும் கொழகொழவென்றுதான் தெரியும்.

சந்தேகம் தீராவிட்டால், ஜன்னல் வெளிச்சத்தில் முந்தியைப் பிரித்து, உள்பக்கத்தையும் திருப்பிக் காட்டும் வீடியோ கேட்பேன். நெய்த புட்டாவாக இருந்தால் பின்னால் நூல் ஓட்டமோ வெட்டிய நூல் முனையோ தெரியும். பிரிண்ட் என்றால் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும்.