நன்றிக் கடிதத்தை இன்றைக்கே அனுப்ப வேண்டாம்

அன்புள்ள ஐயா,

14 மாத அலைச்சலுக்குப் பிறகு மகனுக்கு ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்தில், வேலை பிடித்துக் கொடுத்த கன்சல்டன்சி மேடத்துக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி அனுப்பலாமா என்று கேட்டீர்கள். மன்னார்குடிப் பக்கத்து மனசு அப்படித்தான் கேட்கும். ஆனாலும் வேண்டாம். அவருக்கான கட்டணத்தைக் கம்பெனி கொடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்தவர் வீட்டிலிருந்து பொருள் வந்தது என்று தெரிந்தால் அவருக்குத்தான் சங்கடம். கடிதம் போதும். அதையும் தம்பியே எழுதட்டும்.

எப்போது அனுப்புவது? முதல் சம்பளம் வந்த பிறகு. காரணம் இருக்கிறது. சேர்ந்த ஆள் இரண்டு மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டால், கன்சல்டன்சி கட்டணமில்லாமல் வேறு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் ஒப்பந்தம் இருக்கும். ஆஃபரை வாங்கிக்கொண்டு சேராமலே போனவர்களையும் அவர் நிறையப் பார்த்திருப்பார். அதனால் சேருகிற அன்று "சேர்ந்துவிட்டேன் மேடம்" என்று ஒரு வரி. கடிதம் அப்புறம்.

தம்பி எழுதிக் காட்டியதில் "தங்களின் மேலான ஒத்துழைப்புக்கு" என்று ஆரம்பித்திருந்தது. பேரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம். சரி, அவர் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வந்தது. முதல் சம்பளம் வந்த பிறகு அனுப்புவதற்குத் தோதாக, இருவருமாக உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"வணக்கம் மேடம். ஒரகடத்தில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. தை மாதம் நீங்கள் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அன்று எங்கள் வயலில் சம்பா அறுப்பு. போன் மோட்டார் கொட்டகையில் கிடந்தது. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, கம்பெனியில் பேசி வேறு நாள் வாங்கிக் கொடுத்தீர்கள். மூன்றாவது இடத்திலும் தேறாதபோது, 'டிப்ளமோவில் வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர் வைத்து அளந்ததை ரெஸ்யூமில் ஒரு வரிகூட எழுதவில்லையே' என்றீர்கள். இந்த இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான். இப்போது தினமும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறேன். நன்றி மேடம்."

அவ்வளவுதான். கடைசியில் "என் நண்பன் ரெஸ்யூமையும் இணைத்திருக்கிறேன்" என்று சேர்த்திருந்தான், எடுக்கச் சொல்லிவிட்டேன். அதோடு போனால் நன்றி சொன்னதே அதற்காகத்தான் என்று ஆகிவிடும். நண்பனுக்காகத் தனியாக, கொஞ்ச நாள் கழித்துக் கேட்கட்டும். தேறாமல் போன கம்பெனிகளைப் பற்றிய புலம்பலும் இரண்டு வரி இருந்தது. அவர்களும் அந்த மேடத்தின் வாடிக்கையாளர்கள்தானே!

மின்னஞ்சலின் தலைப்பில் தம்பி தன் பெயரையும் வேலையின் பெயரையும் போட மறக்கக் கூடாது. ஒரு மாதத்தில் அவர் எத்தனையோ பேரிடம் பேசியிருப்பார்.

பொன்னி மூட்டையைத் தம்பியோடு ஒரகடத்துக்கு அனுப்புங்கள். ரூம் எடுத்துச் சமைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.