பொட்டாசியத்தை ஏன் மெதுவாக ஏற்றுகிறார்கள்?

குடியாத்தம் வாசகர்: வயிற்றுப்போக்கில் படுத்த அப்பாவுக்குப் பொட்டாசியம் 2.6 என்று ரிப்போர்ட் வந்தது. அவசரம் என்றார்கள், ஆனால் அரை லிட்டர் பாட்டில் ஏற நாலு மணி நேரம் ஆனது. ஒரே ஊசியாகப் போட்டிருக்கலாமே?

கூடவே கூடாது. உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர். லிட்டருக்கு 4 மில்லி ஈக்குவலென்ட் என்று வைத்தால், அதில் மொத்தமே 12தான். நம் ஊர் வார்டுகளில் வழக்கமாகப் புழங்கும் 10 மில்லி ஆம்பியூலில் 20 இருக்கிறது! அதை அப்படியே தள்ளினால், செல்கள் உறிஞ்சும் முன்பே அந்த அடர்த்தி நேராக இதயத்துக்குப் போய்விடும். துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம்.

அதனால் சாதாரண வார்டில் மணிக்கு 10தான் வழக்கமான உச்சம். 20 வரை போக வேண்டுமென்றால் ஈசிஜி மானிட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஒரு ஆம்பியூல் கலந்திருந்தால் மணிக்கு 5தான் போயிருக்கும். ஈசிஜி சரியாக இருந்து, வாயாலும் பொட்டாசியம் சிரப் குடிக்க முடிந்தால், அது நிதானமான வேகம். அந்த ஒரு பாட்டிலில் அளவு ஏறக்குறைய 0.2தான் கூடும், அதனால்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். சொட்டு மெதுவாக விழுகிறதே என்று உருளையை நீங்களே திருகிவிடாதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

காட்பாடி நர்சிங் மாணவி: எவ்வளவு நீரில் கலப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

வேகத்தை இதயம் தீர்மானிக்கிறது, அடர்த்தியைக் கை நரம்பு தீர்மானிக்கிறது. கை நரம்பில் லிட்டருக்கு 40 என்பது பொதுவான வரம்பு, அதாவது 500 மில்லிக்கு ஒரு ஆம்பியூல். அதைத் தாண்டினால் நோயாளி "எரியுதும்மா" என்பார். நரம்பு வீங்கும், வெளியே கசிந்தால் தோலும் புண்ணாகும். கெட்டியாகக் கொடுக்க வேண்டியிருந்தால் பெரிய நரம்பில் சென்ட்ரல் லைன் வேண்டும்.

நார்மல் சலைனில் கலப்பதே நல்லது. குளுக்கோஸ் பாட்டில் இன்சுலினைக் கிளப்பி, இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும்.

கலக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஆம்பியூலை ஏற்றாதீர்கள். மருந்து கனமானது, கீழே வாய்ப்பக்கம் தங்கிவிடும். முதல் சில நிமிடங்களில் போவது கிட்டத்தட்ட நேரடி ஊசிதான். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகப் புரட்டி, லேபிள் ஒட்டிவிட்டு மாட்டுங்கள். 20 சொட்டுக்கு ஒரு மில்லி விழும் செட் என்றால், நாலு மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு 42 சொட்டு.

ஆற்காடு வாசகர்: டிரிப் போடும் முன் "சிறுநீர் போச்சா?" என்று ஏன் கேட்டார்கள்?

கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீர் சரியாக வராதவருக்கு இதே அளவு, இதே வேகம்கூட ஆபத்தாகலாம். அவருக்குக் கிரியாட்டினின் பார்த்த பிறகுதான் அளவை முடிவு செய்வார்கள், பெரும்பாலும் பாதியாகக் குறைத்து.