சுத்த நீரில் மின்சாரம் ஏன் தயங்குகிறது?

தண்ணீரில் மின்சாரம் பாயும் என்றுதான் படித்தோம். சுத்த நீரில் பாயாதா?

பாயும், ஆனால் மிகமிகக் கொஞ்சம். நீரில் மின்சாரத்தைச் சுமப்பவை மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகள். நீர் மூலக்கூறுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் கிடையாது. அது நகர்ந்தாலும் மின்சாரம் நகராது. குழாய் நீரிலோ மண்ணிலும் பாறையிலும் கரைந்து வந்த கால்சியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் என்று சுமப்பவை ஏராளம்.

அப்படியானால் சுத்த நீரில் அயனியே இல்லை, சரிதானே?

பாதி சரி. வெளியிலிருந்து வந்த அயனி இல்லை. ஆனால் நீர் தானாகவே மிகச் சிறிதளவு பிரிந்து H⁺, OH⁻ ஆகிறது. அறை வெப்பத்தில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் அப்படிப் பிரிந்த நிலையில் இருக்கும். அதனால் கடத்துதிறன் சுழியாகிவிடாமல், 25 டிகிரியில் ஒரு சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸில் நிற்கிறது. எவ்வளவு சுத்திகரித்தாலும் அந்த வெப்பநிலையில் இதற்குக் கீழே இறங்காது.

எவ்வளவு உப்பு சேர்ந்தால் வித்தியாசம் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஒரு லிட்டர் சுத்த நீரில் 1 மில்லிகிராம் சமையல் உப்பைப் போடுங்கள். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் கடத்துதிறன் 2 மைக்ரோசீமன்ஸைத் தாண்டிவிடும், கிட்டத்தட்ட 40 மடங்கு! குழாய் நீரில் சில நூறு மைக்ரோசீமன்ஸ் சாதாரணம். 550 என்று வைத்தால் 10,000 மடங்கு. அதே அளவு சர்க்கரையைப் போட்டால் எதுவும் மாறாது. அது கரையும், அயனியாகப் பிரியாது.

உப்பே வேண்டாம், காற்று போதும். சுத்த நீரைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு கரைந்து, நேரம் போகப்போக அளவு 1 மைக்ரோசீமன்ஸ் பக்கம் ஏறிவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் இதைப் பாத்திரத்தில் பிடித்துவைத்து அளக்காமல், குழாயில் ஓடும்போதே அளக்கிறார்கள்.

அப்போ காய்ச்சி வடித்த நீர் கொட்டிய இடத்தில் ஒயரைத் தொட்டால் ஆபத்தில்லையா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கீழே கொட்டிய நொடியே தரையின் தூசியும் உங்கள் தோலின் வியர்வை உப்பும் அதில் கலந்துவிடும். அதற்குமேல் அது சுத்த நீரே அல்ல.

நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் என் டிடிஎஸ் மீட்டர், காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை 0, இன்னொருமுறை 8 காட்டுகிறது. எதை நம்புவது?

அந்த மீட்டர் அளப்பது கடத்துதிறனைத்தான். அதை ஏறக்குறைய பாதியாக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. முழு எண்களையே காட்டுவதால், 0 என்றால் ‘ஒன்றுக்கும் குறைவு’ என்றுதான் பொருள். 8 எப்படி வந்தது என்பதை இங்கிருந்தே சொல்ல முடியவில்லை. முன்பு குழாய் நீரில் தோய்த்த முனையாக இருக்கலாம், பாத்திரமாகவும் இருக்கலாம். முனையையும் பாத்திரத்தையும் அதே வடித்த நீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு அளந்து பாருங்கள். அப்புறமும் 8 நின்றால் நீரையே சந்தேகிக்க வேண்டியதுதான்.